சிகிச்சை முடியும்போது எழுதவேண்டிய ஒரு பக்கம்: பதின்வயதுப் பதற்றமும் முதல் சறுக்கல்களும்

பதற்றத்துக்கான சிகிச்சை முடியப்போகும் வாரத்தில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இனிமே வராதுல்ல?" வரும் என்றுதான் பதில் சொல்வேன். அவர்கள் முகம் மாறும். ஆனால் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பயம் திரும்பி வரும் என்று தெரிந்த வீட்டில் அது வரும்போது யாரும் ஆடிப்போவதில்லை. வராது என்று நம்பியிருந்த வீட்டில்தான் முதல் தலைவலிக்கே "எல்லாம் வீணாப் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது மிரட்டுவதற்காகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் பதற்றக் கோளாறு உள்ள 488 சிறுவர் சிறுமியருக்கு 12 வாரம் சிகிச்சை கொடுத்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் ஒரு பகுதியினரைச் சுமார் 6 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த முடிவுகள் 2014-ல் வெளிவந்தன. சிகிச்சையில் நன்றாகத் தேறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடையில் மறுபடி பதற்றக் கோளாறு வந்திருந்தது. அதனால்தான் கடைசி அமர்வு என்பது வாழ்த்துச் சொல்லி அனுப்பும் நாளாக மட்டும் இருக்கக் கூடாது. பிள்ளை கையில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். முதல் சறுக்கலை எப்படி அடையாளம் காண்பது, கண்டவுடன் என்ன செய்வது என்று அவளே எழுதிய பக்கம்.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்பதைச் சொல்கிறேன். நான் வேலை செய்வது சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையில். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வதுதான் அதன் மையம். உங்கள் பிள்ளைக்கு நடந்த சிகிச்சையும் அந்த வகையாக இருந்தால் இதை அப்படியே பயன்படுத்தலாம்.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பலரின் கதைகளைச் சேர்த்துச் செய்த ஒருத்தி. வயது 15. பத்தாம் வகுப்பில் நாலு பேர் முன்னால் பேசுவதற்குப் பயம் முற்றி, வருகைப் பதிவேட்டுக்கு "பிரசென்ட் மிஸ்" சொல்லவே நெஞ்சு படபடக்கும் நிலையில் வந்தாள். 14 அமர்வுகள். கடைசியில் காலை அசெம்பிளியில் திருக்குறள் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது, ஆனாலும் இங்கே அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

எப்போது தொடங்குவது

கடைசி நாளில் அல்ல. அன்று எல்லோரும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள், எழுதுவதில் மனம் நிற்காது. முடிவதற்கு மூன்று நான்கு அமர்வுகள் முன்பே தொடங்க வேண்டும். அதே சமயத்தில் அமர்வுகளுக்கு இடையே உள்ள நாட்களையும் நீட்ட வேண்டும். வாரம் ஒருமுறை வந்தவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. இந்த இடைவெளிகளில் ஒரு சின்னச் சறுக்கலாவது வந்தால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. நான் பக்கத்தில் இருக்கும்போதே அவள் ஒருமுறை சறுக்கி எழுந்துவிட்டால் அடுத்த முறை அது புதிதாக இருக்காது.

உங்கள் சிகிச்சையாளர் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். "முடிஞ்சப்புறம் என்ன பண்றதுன்னு ஒரு பிளான் எழுதித் தர முடியுமா?" என்பது நியாயமான கேள்வி.

பயம் ஏன் திரும்புகிறது

இதைப் பிள்ளைக்குப் புரியவைக்காமல் மேலே போக முடியாது. எதிர்கொள்ளும் பயிற்சி பழைய பயத்தை அழிப்பதில்லை. "பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள்" என்ற பழைய பாடம் மூளையில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் "பேசினேன், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை" என்று புதிய பாடம் ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பாடம் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது என்பதில்தான் விஷயம்.

பழையது முந்திக்கொள்ளும் சூழ்நிலைகள் மூன்று. ஒன்று, நாள் இடைவெளி. கோடை விடுமுறையில் யார் முன்னாலும் பேச வேண்டியதில்லை. பிள்ளை சந்தோஷமாக இருப்பாள், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் புதிய பாடம் அந்த இரண்டு மாதமும் பயிற்சி இல்லாமல் கிடக்கிறது. இரண்டு, இடம் மாறுவது. பழைய பள்ளியில், பழகிய டீச்சர் முன்னால் கற்றது புதிய பள்ளிக்குத் தானாகக் கூடவே வந்துவிடாது. மூன்று, ஒரு கெட்ட அனுபவம். யாரோ ஒருவர் உண்மையிலேயே சிரித்துவிட்டார், அல்லது டீச்சர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார்.

பாப்பாவுக்கு ஜூனில் இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்தே வரப்போகிறது. பதினொன்றாம் வகுப்பு, புதிய பள்ளி. அதை மார்ச்சிலேயே காலண்டரில் குறித்தோம். இன்னும் சிலவற்றையும் குறித்தோம்: காலாண்டுத் தேர்வு, அரையாண்டு விடுமுறை முடிந்து திரும்பும் முதல் வாரம், செய்முறைத் தேர்வு, ஐப்பசியில் சித்தி கல்யாணம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் என்ன செய்வது என்பதையும் அவளே கேட்டாள். அதற்குத் தேதி குறிக்க முடியாது, ஆனால் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

மோசமான நாள், சறுக்கல், பழைய நிலை

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போடச் சொன்னார்கள். கை நடுங்கியது, வேர்த்தது, ஆனாலும் போனாள். இது மோசமான நாள். சறுக்கல்கூட இல்லை. சொல்லப்போனால் சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கரும்பலகைக்குப் போகாமலிருக்கத் தொண்டை வலி என்று சொன்னாள். இது சறுக்கல். அப்படித் தவிர்ப்பது ஒன்றிலிருந்து நான்காகி, வாரக் கணக்கில் நீடித்து, பள்ளிக்கே போகாமல் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் அதுதான் பழைய நிலை.

கவனித்தீர்களா? இந்தப் பிரிப்பில் பயத்தின் அளவு எங்கேயும் இல்லை. பயம் எவ்வளவு வந்தது என்று அளக்காமல், பயத்துக்காக எதை விட்டோம் என்று எண்ண வேண்டும். பயம் ஏறும், இறங்கும், தூக்கம் குறைந்தால்கூட ஏறும். விட்டுவிட்ட காரியங்கள்தான் நம்பகமான கணக்கு.

இன்னொன்று. குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர் கவனித்துச் சொன்ன ஒன்று இங்கேயும் பொருந்தும். ஒரு சறுக்கல் தானாகப் பெரிய வீழ்ச்சியாவதில்லை. "சறுக்கிவிட்டேன், இனி அவ்வளவுதான்" என்ற நினைப்புதான் அதைப் பெரிதாக்குகிறது. பிள்ளைகள் இதைப் பரமபதம் மாதிரி நினைக்கிறார்கள். 90-ஆம் கட்டத்தில் பாம்பு கடித்தால் நேரே அடிக்குப் போய்விடுவோம் என்று. அப்படியில்லை. பாப்பா ஒருநாள் கரும்பலகைக்குப் போகாததால் அசெம்பிளியில் குறள் சொன்னது நடக்காததாகிவிடாது. இதை அவள் கையெழுத்திலேயே பக்கத்தின் தலைப்பில் எழுதச் சொன்னேன். அவள் எழுதியது: "ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் போகல. அவ்ளோதான்."

பக்கத்தின் முதல் பகுதி: என்ன செய்தேன், என்ன நடந்தது

மேல் பாதியில் சிகிச்சையில் அவள் ஏறிய படிகளை எழுத வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஆரம்பத்தில் இருந்த பயம் பத்துக்கு எத்தனை என்ற எண். பாப்பாவின் படிகள் இவை:

- கடையில் மீதிச் சில்லறை குறைகிறது என்று சொல்லிக் கேட்பது: 3
- வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் தனியாகச் சந்தேகம் கேட்பது: 4
- வகுப்பு நடக்கும்போதே கை தூக்கிக் கேட்பது: 6
- கரும்பலகையில் கணக்குப் போடுவது: 7
- வேண்டுமென்றே தப்பான பதில் சொல்லிப் பார்ப்பது: 8
- அசெம்பிளியில் குறள்: 9

ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி. நான் என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. "தைரியமாக இருந்தேன்" என்று எழுதினால் அடித்துவிடச் சொல்வேன். ஆறு மாதம் கழித்து நடுக்கத்தோடு இதைப் படிக்கும்போது அந்தச் சொல் உதவாது. "தப்பான பதில் சொன்னேன், மிஸ் அடுத்தவளைக் கேட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல யாருக்கும் ஞாபகம் இல்ல" என்ற வரி உதவும்.

இரண்டாம் பகுதி: என் சறுக்கல்கள்

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியல்கள் (தூக்கமின்மை, எரிச்சல், கவனக்குறைவு) இங்கே அவ்வளவாகப் பயன்படாது. அவை பரீட்சைக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் உரிய அடையாளங்கள் வேண்டும்.

அவற்றை எடுக்க நான் கேட்பது ஒரே கேள்வி. "முதல்முதலாக இது தொடங்கியபோது, நீ செய்வதை நிறுத்திய முதல் காரியம் எது?" பெரும்பாலும் பெற்றோர் சொல்லும் பதில் வேறு, பிள்ளை சொல்லும் பதில் வேறு. பாப்பாவின் அம்மா "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதா" என்றார். அது கடைசியில் நடந்தது. அதற்கு எட்டு மாதம் முன்பே, உயரமான ஒரு பெண்ணின் பின்னால் உட்காரும்படி தன் இடத்தை மாற்றிக்கொண்டதாகப் பாப்பா சொன்னாள். யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு அதில் ஒன்றும் இல்லையே.

முதல் சறுக்கல்கள் எப்போதும் இப்படித்தான் இருக்கும். சின்னதாக, நியாயமான காரணத்தோடு, சில சமயம் நல்ல குணம் போலக்கூடத் தெரியும். "அவளுக்குத்தான் அது நல்லாத் தெரியும், அவளே கேட்கட்டும்" என்று தோழியை அனுப்புவது பெருந்தன்மை மாதிரி இருக்கும். இரவு 12 மணிவரை ஒரே பதிலை மனப்பாடம் செய்வது படிப்பு மாதிரி இருக்கும். அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அதனால் மூன்று இடங்களில் தேட வேண்டும். செய்யாமல் விட்டவை. செய்தாலும் ஒளிந்துகொண்டு செய்தவை, அதாவது குரலைத் தாழ்த்தி, வாயைக் கையால் மறைத்து, நூறு தடவை ஒத்திகை பார்த்து. பிறகு, அடுத்தவரிடம் வாங்கும் ஆறுதல். பாப்பாவின் பட்டியல் கடைசியில் இப்படி வந்தது:

1. உயரமானவள் பின்னால் உட்கார்வது.
2. என் சந்தேகத்தை வேறு யாரையாவது கேட்கச் சொல்வது.
3. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் டைப் செய்துவிட்டு அழிப்பது.
4. கடையில் காசைத் தம்பி கையில் கொடுப்பது.
5. ஞாயிறு சாயங்காலம் டைம்டேபிளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, வயிற்று வலி.
6. "நான் பேசினது லூசுத்தனமா இருந்துச்சாம்மா?" என்று ஒரே நாளில் இரண்டாம் முறை கேட்பது.

ஆறு போதும். இருபது எழுதினால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள்.

ஆறாவதில் "இரண்டாம் முறை" என்ற சொல் அவள் போட்டது. ஒருமுறை கேட்பது எல்லோரும் செய்வதுதான் என்றாள். சரிதான். இப்படி எண் வைத்து எழுதினால் பின்னால் இது சறுக்கலா இல்லையா என்று வீட்டில் சண்டை வராது.

மூன்றாம் பகுதி: வந்தால் என்ன செய்வது

இங்கே "பயப்பட மாட்டேன்", "நம்பிக்கையோடு இருப்பேன்" போன்ற வரிகள் கூடாது. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவம் மட்டும்.

பட்டியலில் ஒன்று ஒருமுறை நடந்தால், குறித்துக்கொண்டு அடுத்த வாய்ப்பில் வழக்கம்போலச் செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ நடந்தால் இரண்டு நாளுக்குள் ஏணியில் ஒரு படி கீழே இறங்கி அதைச் செய்ய வேண்டும். கரும்பலகைக்குப் போக முடியவில்லையா? கை தூக்கிக் கேள். அதுவும் முடியவில்லையா? வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேள். முழுவதுமாக விலகாமல் எந்தப் படியிலாவது நிற்பதுதான் குறி. இரண்டு நாள் என்று நான் வைப்பதற்குக் காரணம் உண்டு. தவிர்த்தவுடன் கிடைக்கும் நிம்மதி ரொம்ப இனிக்கும். நாள் ஆக ஆக அந்த நிம்மதியே பழக்கமாகிவிடும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பல பிள்ளைகள் சறுக்கினால் செய்யவேண்டியது என்று முதலில் அதைத்தான் எழுதுகிறார்கள். இரவில் தூங்கும் முன் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "மூச்சை இழுத்துவிட்டால்தான் கை தூக்க முடியும்" என்று ஆகிவிட்டால் அதுவும் ஓர் ஒளிவிடம்தான். படபடப்போடேயே கை தூக்கலாம் என்பதைத்தானே 14 அமர்வுகளாகக் கற்றோம்.

சறுக்கல் எதுவும் இல்லாத வாரங்களிலும் ஒரு சின்னப் பயிற்சி வேண்டும். வாரம் ஒன்று போதும். புதிய கடையில் விலை கேட்பது, பஸ்ஸில் தெரியாதவரிடம் நிறுத்தம் கேட்பது. விடுமுறையில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

பெற்றோரின் பங்கு

பக்கத்தின் பின்புறம் உங்களுக்கு. ஆமாம், உங்களுக்கும் சறுக்கல் பட்டியல் உண்டு.

பிள்ளை தவிர்ப்பதற்கு வீட்டில் இருப்பவர்கள் அன்போடு உதவுவதுதான் பதற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய தூண். அவளுக்குப் பதிலாக நீங்கள் போன் பேசுவது. உறவினர் கேட்ட கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வது. டீச்சரிடம் தனியாகச் சொல்லிவைப்பது. "ஒன்னும் ஆகாதுடா கண்ணு" என்று பத்தாவது தடவை சொல்வது. பல வீடுகளில் பிள்ளை சறுக்குவதற்கு முன்பே அம்மாவோ அப்பாவோ சறுக்கிவிடுகிறார்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களுக்கும் இதைப் பொறுமையாகச் சொல்லிவைக்க வேண்டும். "வயித்து வலின்னா இன்னிக்கு இருந்துட்டுப் போறா, விடு" என்ற ஒரு வாக்கியம் பாட்டியிடமிருந்து வந்தால் உங்கள் திட்டம் அன்று காலை 8 மணிக்கே முடிந்துவிடும்.

ஆறுதல் கேட்டு வரும்போது என்ன சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். பாப்பாவின் அம்மாவுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த வரி இது: "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. இதுக்கு நான் ஒருதரம் பதில் சொல்லிட்டேன், இன்னொருதரம் சொன்னா பயம்தான் ஜாஸ்தியாகும். உன்னால இதைத் தாங்க முடியும்." முதல் வாரம் இதைச் சொல்வது செயற்கையாக இருந்தது என்றார். பாப்பாவே ஒருநாள் "டயலாக் பேசாதீங்கம்மா" என்றாளாம். பரவாயில்லை. தங்கள் வாய்க்கு வரும்படி மாற்றிக்கொண்டார்கள்.

அதே சமயம் போலீஸ் வேலையும் வேண்டாம். தினமும் பள்ளி விட்டு வந்ததும் "இன்னிக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டால், பயம்தான் இந்த வீட்டில் முக்கியமான செய்தி என்று பிள்ளை கற்றுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும். பக்கத்தை எடுத்து வையுங்கள். பிள்ளை தன் பட்டியலைச் சொல்லட்டும், பிறகு நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் பக்கத்தை மூடிவிட வேண்டும். மற்ற ஆறு நாளும் அவள் சாதாரணப் பெண்.

ஜூலையில் நடந்தது

புதிய பள்ளியில் ஜூன் மாதம் நன்றாகவே போனது. ஜூலை நடுவில் காய்ச்சல் வந்து ஆறு நாள் விடுப்பு. திரும்பிய அன்று வேதியியல் வகுப்பில் சமன்பாடு ஒன்றைச் சமன்செய்ய அழைத்தார்கள். "தொண்டை வலிக்குது மிஸ்" என்றாள். உண்மையிலேயே கொஞ்சம் வலித்தது, அதுதான் சிக்கல். மறுநாள் மூன்றாவது பெஞ்சிலிருந்து கடைசிக்கு முந்தைய பெஞ்சுக்குப் போனாள், முன்னால் உயரமான ஒருத்தி. வெள்ளிக்கிழமை ஒரு சந்தேகத்தைத் தோழி மூலம் கேட்டாள்.

ஞாயிறு அன்று பக்கத்தைத் திறந்தபோது, "உடம்பு சரியில்லாததால" என்று மூன்றுக்கும் காரணம் சொன்னாள். அம்மாவும் தலையாட்டினார். பிறகு தன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானும் ஒன்னு பண்ணிட்டேன்" என்றார். பாப்பா பலவீனமாக இருக்கிறாள், இரண்டு வாரம் கரும்பலகைக்குக் கூப்பிட வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியைக்குச் செய்தி அனுப்பியிருந்தார். காரணம் நியாயமானது. ஆனால் பட்டியலில் இருக்கும் காரியம்.

ஒரு வாரத்தில் மூன்று. விதிப்படி இரண்டு நாளுக்குள் ஒரு படி கீழே. அம்மா அன்றிரவே "உடம்பு தேறிவிட்டது, வழக்கம்போலக் கூப்பிடலாம்" என்று ஆசிரியைக்கு மறுபடி எழுதினார். திங்களன்று பாப்பா வகுப்பு முடிந்ததும் தனியாகச் சந்தேகம் கேட்டாள். நடந்தது. செவ்வாயன்று வகுப்பிலேயே கை தூக்குவதாகத் திட்டம். பாதி தூக்கி, தலையைக் கோதுவதுபோல இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து "போச்சு, எல்லாம் பழையபடி ஆயிடுச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் சறுக்கலில் உடைவது குறைவு, அதைச் சரிசெய்யப் போய்த் தோற்கும்போதுதான். அம்மா கதவருகே நின்று ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தலைப்பில் அவள் எழுத்து இருக்கிறதே. இரவு சாப்பிட வந்தபோது பாப்பாவே கேட்டாள், கை தூக்குவதற்கும் தனியாகக் கேட்பதற்கும் நடுவில் ஒரு படி வைக்கலாமா என்று. தமிழ் வகுப்பில் பாடத்தை வாசிக்கிறேன் என்று தானாக முன்வருவது. பார்த்து வாசிப்பதால் பயம் 5 இருக்கும் என்று கணக்குப் போட்டாள். புதன் அதைச் செய்தாள். வியாழன் பழைய பெஞ்சுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை கரும்பலகை.

போவதற்கு முன் நோட்டின் ஓரத்தில் கணிப்பை எழுதியிருந்தாள்: "தப்பாப் போடுவேன், சிரிப்பாங்க, லஞ்ச் வரைக்கும் இதையே பேசுவாங்க." ஆக்சிஜன் பக்கம் 2 போட மறந்தாள். பின்னால் ஒருத்தி சிரிக்கவும் செய்தாள். டீச்சர் திருத்தினார். லஞ்சில் யாரும் அதைப் பேசவில்லை, பேச்சு முழுக்க யாரோ டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்ததைப் பற்றி. கணிப்பில் மூன்றுக்கு இரண்டு பலித்தும் அவள் தேறினாள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் நடக்காது என்று நாம் வாக்குக் கொடுப்பதில்லை. நடந்தாலும் தாங்கும் என்பதைத்தான் அவள் பார்க்க வேண்டும்.

எப்போது மறுபடி சிகிச்சையாளரிடம் போவது

இதையும் முன்பே எண்ணாக எழுதிவிடுங்கள். நான் வைக்கும் அளவு இது: திட்டப்படி முயன்றும் அதே தவிர்ப்புகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பயத்தால் இரண்டு நாள் பள்ளி போகாமல் இருந்தால் போன் செய்யுங்கள். பள்ளி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பதற்குக் காரணம், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது. மறுபடி வருவது என்றால் ஆரம்பத்திலிருந்து 14 அமர்வு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு போதும். சறுக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிந்த ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து ஒவ்வோர் அமர்வு இருக்கும்படி தேதி வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

சில விஷயங்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. எதிலும் ஆசையில்லாமல் சோர்ந்து கிடப்பது, சாப்பாடு வெகுவாகக் குறைவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு. இவை இந்தப் பக்கத்துக்குள் அடங்குபவை அல்ல. அன்றே பேசுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் உடன் இருங்கள். சிகிச்சையாளர் கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

மருந்தும் எடுத்துக்கொள்ளும் பிள்ளை என்றால் ஒரு எச்சரிக்கை. சிகிச்சை அமர்வுகளையும் மருந்தையும் ஒரே சமயத்தில் முடிக்க வேண்டாம் என்று மனநல மருத்துவரிடம் பேசுங்கள். பொதுத் தேர்வுக்குச் சற்று முன்னால் குறைப்பதும் நல்லதல்ல. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நீங்களாக நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். அதைப் பதற்றம் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. பதற்றம் திரும்புவது பெரும்பாலும் அவ்வளவு வேகமாக நடக்காது, வாரக்கணக்கில் ஊர்ந்து வரும்.

பக்கத்தை எங்கே வைப்பது

பூஜையறை அலமாரியில் பத்திரமாக வைத்தால் அது அங்கேயே இருந்துவிடும். பாப்பா அதைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டாள், தாளை டைம்டேபிளுக்குப் பின்னால் ஒட்டினாள். ஞாயிறு சாயங்காலம் டைம்டேபிளைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றினால் கையில் கிடைக்கட்டும் என்று அவளே யோசித்த இடம் அது. டிசம்பர் அமர்வுக்கு வந்தபோது நான்காவது வரியை அடித்துவிட்டிருந்தாள். தம்பி இப்போது டியூஷனுக்குப் போகிறானாம், கடைக்கு அனுப்ப ஆளே இல்லையாம். அதற்குப் பதிலாக ஒரு புதிய வரி: "லேப்ல பார்ட்னர் மட்டும் பேசும்படி விடுவது." செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.